வெறுமையான கலங்களைத் தவிர்த்து ஒரே வாக்கியம் அமைக்க வேண்டும், ஆனால் காற்புள்ளிகள் அநாதையாக நிற்கின்றன

படுவான்கரைத் தொண்டர் — 06.01.2025, இரவு 8.40

சென்ற கார்த்திகை வெள்ளத்தில் எங்கள் ஊர்ச் சங்கம் 86 குடும்பங்களுக்குப் பொருள் கொடுத்தது. பொருட்கள் ஒரே நாளில் வந்து சேரவில்லை. பாதை நீரில் மூழ்கியிருந்ததால் உழவு இயந்திரத்தில் வந்ததை வந்தபடியே பகிர்ந்தோம். ஆகவே ஒரு வீட்டுக்கு அரிசியும் சீனியும் போயின, இன்னொரு வீட்டுக்குப் படங்கு மட்டும் போனது. இப்போது உதவி அனுப்பியவர்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்னென்ன கொடுக்கப்பட்டது என்று ஒரு முழு வாக்கியமாக எழுதி, குடும்பத்தலைவரின் கையொப்பத்துடன் தரும்படி கேட்டிருக்கிறார்கள்.

எக்செல் தாளில் A நிரலில் பெயர் இருக்கிறது. B முதல் G வரை அரிசி, பருப்பு, சீனி, பால்மா, பாய், படங்கு என்று வரிசையாக இருக்கின்றன. கலத்துக்குள் "அரிசி 10 கிலோ" என்று அளவோடு எழுதியிருக்கிறோம், கொடுக்காத பொருளின் கலம் வெறுமையாக உள்ளது. நான் எழுதிய சூத்திரம் இது:

```
=B2&", "&C2&", "&D2&", "&E2&", "&F2&", "&G2
```

முதற்குடும்பத்துக்கு எனக்குக் கிடைத்த விடை: "அரிசி 10 கிலோ, , சீனி 2 கிலோ, , , படங்கு 1". இதை அச்சிட்டு ஒருவரிடம் நீட்டிக் கையொப்பம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஏதோ பொருளை எழுதிவிட்டு அழித்ததுபோல் இருக்கிறது. பொங்கலுக்கு முன் முடிக்க வேண்டும். 86 வரிகளையும் கையால் திருத்தாமல் இருக்க வழி உண்டா?

அக்கரைப்பற்றுக் கடைக்காரர் — 06.01.2025, இரவு 9.05

கலங்களைத் தெரிவுசெய்து, எண் வடிவமைப்பில் ஆயிரத்துக்கான காற்புள்ளியை எடுத்துவிடுங்கள். என் கணக்குப் புத்தகத்தில் 12,500 என்று வந்துகொண்டிருந்ததை அப்படித்தான் 12500 ஆக மாற்றினேன்.

படுவான்கரைத் தொண்டர் — 06.01.2025, இரவு 9.12

அது எண்ணுக்குள் வரும் காற்புள்ளி, ஐயா. நான் கேட்பது பொருளுக்கும் பொருளுக்கும் இடையில் நானே இடும் காற்புள்ளியைப் பற்றியது.

ஆரையம்பதி வாசகர் — 06.01.2025, இரவு 10.30

இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. எல்லாக் கலங்களையும் இடைவெளியால் இணையுங்கள். TRIM என்ற சார்பு முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளிகளை நீக்குவதோடு, நடுவில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து கிடப்பவற்றையும் ஒன்றாகக் குறைத்துவிடும். அதன்பின் எஞ்சிய ஒவ்வோர் இடைவெளியையும் காற்புள்ளியாக மாற்றினால் வேலை முடிந்தது.

```
=SUBSTITUTE(TRIM(B2&" "&C2&" "&D2)," ",", ")
```

நான் மாணவர் பெயர்ப்பட்டியலில் பல ஆண்டுகளாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒருபோதும் பிழைத்ததில்லை.

படுவான்கரைத் தொண்டர் — 07.01.2025, காலை 6.15

விடிந்ததும் முதல் வேலையாகச் செய்து பார்த்தேன். விடை: "அரிசி, 10, கிலோ, சீனி, 2, கிலோ". வெறுமையான கலங்கள் ஒழுங்காக மறைந்துவிட்டன, ஆனால் கலத்துக்குள்ளேயே இருந்த இடைவெளிகளும் காற்புள்ளிகளாகிவிட்டன. ஒவ்வொரு கலத்திலும் ஒரே சொல் இருந்தால் இது சரியாக வரும் என்று விளங்குகிறது. உங்கள் பட்டியலில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

கல்முனைக் கணக்காளர் — 07.01.2025, காலை 7.50

உங்களிடம் எக்செல் 2019 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தால், இந்த வேலைக்கென்றே TEXTJOIN என்ற சார்பு இருக்கிறது. முதலில் இடையில் வர வேண்டியதைக் கொடுக்கிறோம். இரண்டாவதாக, வெறுமையைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு TRUE கொடுக்கிறோம். மூன்றாவதாகக் கலங்களின் வீச்சு.

```
=TEXTJOIN(", ",TRUE,B2:G2)
```

உங்கள் முதல் வரிக்கு "அரிசி 10 கிலோ, சீனி 2 கிலோ, படங்கு 1" என்று வரும். உங்கள் சூத்திரம் காற்புள்ளியைக் கலத்தோடு சேர்த்தே எழுதியதால், கலம் வெறுமையாக இருந்தாலும் அதன் காற்புள்ளி நின்றது. TEXTJOIN உண்மையில் இருக்கும் இரண்டு பொருட்களுக்கு நடுவில் மட்டுமே காற்புள்ளி இடும், அதனால் முதலிலோ கடைசியிலோ அது தொங்காது.

கூகிள் ஷீட்ஸிலும் இதே சார்பு இருக்கிறது. லிப்ரே ஆபிஸிலும் 5.2 பதிப்பிலிருந்து உண்டு.

காரைதீவு நூலகப் பொறுப்பாளர் — 07.01.2025, காலை 10.20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் சிக்கலும் இதனோடு ஒட்டியதுதான். அங்கத்தவர் முகவரிகளை உறையில் அச்சிடுகிறேன். இலக்கம், வீதி, ஊர், அஞ்சற் குறியீடு என்று நான்கு கலங்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு இலக்கமே கிடையாது, கோயிலடி, பள்ளிவாசலடி என்றுதான் எழுதுவார்கள். TEXTJOIN காற்புள்ளியைச் சரிசெய்கிறது. ஆனால் இலக்கத்துக்கு முன் "இல." என்று சேர்த்தால், இலக்கமில்லாத வீட்டுக்கும் "இல. , கோயிலடி" என்று வருகிறது.

கல்முனைக் கணக்காளர் — 07.01.2025, பிற்பகல் 1.05

"இல." என்பதை நீங்கள் ஒட்டியதுமே அந்தக் கலம் வெறுமையானது அல்ல என்று ஆகிவிடுகிறது, அதனால் சார்பு அதைத் தவிர்ப்பதில்லை. இலக்கம் இருந்தால் மட்டும் ஒட்டுங்கள்:

```
=TEXTJOIN(", ",TRUE,IF(A2="","","இல. "&A2),B2,C2,D2)
```

சூத்திரம் ஒன்றுமில்லாத உரையைத் திருப்பித் தந்தாலும் TEXTJOIN அதை வெறுமையாகவே கொள்ளும். முன்னொட்டு, பின்னொட்டு, அடைப்புக்குறி எதுவாக இருந்தாலும் இதே முறைதான்.

படுவான்கரைத் தொண்டர் — 07.01.2025, இரவு 9.30

82 குடும்பங்களுக்குச் சரியாக வந்தது. மிகுந்த நன்றி. ஆனால் நான்கு வரிகளில் இன்னமும் "அரிசி 10 கிலோ,  , சீனி 2 கிலோ" என்று வருகிறது. அந்தக் கலங்களைப் பலமுறை பார்த்துவிட்டேன், எதுவும் இல்லை. சூத்திரத்தை அழித்து மறுபடியும் எழுதினேன், மாற்றமில்லை. பதிவுகளை நான்கு இளைஞர்கள் பகிர்ந்து தட்டச்சுச் செய்தார்கள் என்பதைத் தவிர அந்த நான்கு வரிகளில் வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கல்முனைக் கணக்காளர் — 07.01.2025, இரவு 10.10

கண்ணுக்கு வெறுமை, கணினிக்கு வெறுமை அல்ல. யாரோ ஒருவர் கலத்தை அழிப்பதற்காக இடைவெளி விசையை அழுத்தியிருப்பார். பக்கத்தில் ஒரு கலத்தில் `=LEN(C7)` என்று எழுதிப் பாருங்கள். உண்மையான வெறுமை என்றால் 0 வரும். 1 வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியானால் TRIM போதும்:

```
=TEXTJOIN(", ",TRUE,TRIM(B2:G2))
```

ஒரு எச்சரிக்கை. 2019 பதிப்பில் இதை எழுதியபின் Enter மட்டும் அழுத்தினால் #VALUE! என்று வரும். Ctrl, Shift, Enter மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். லிப்ரே ஆபிஸிலும் அவ்வாறே. சந்தாவில் வரும் புதிய எக்செலில் இந்தத் தொல்லை இல்லை.

படுவான்கரைத் தொண்டர் — 08.01.2025, காலை 5.50

நான்கு கலங்களிலும் LEN 1 என்று காட்டியது. TRIM சேர்த்ததும் மூன்று சரியாகிவிட்டன. 41ஆம் வரி மட்டும் அசையவில்லை. TRIM செய்த பின்னும் அதன் நீளம் 1 ஆகவே இருக்கிறது.

கல்முனைக் கணக்காளர் — 08.01.2025, காலை 8.15

`=UNICODE(C41)` என்று எழுதி என்ன எண் வருகிறது என்று சொல்லுங்கள்.

படுவான்கரைத் தொண்டர் — 08.01.2025, காலை 8.22

160.

கல்முனைக் கணக்காளர் — 08.01.2025, காலை 8.45

நினைத்தேன். விசைப்பலகையில் வரும் சாதாரண இடைவெளியின் எண் 32. 160 என்பது வரி உடையாமல் இருப்பதற்காக இணையப் பக்கங்களில் இடப்படும் வேறோர் இடைவெளி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் TRIM 32ஐ மட்டுந்தான் நீக்கும். அந்த வரியைப் பதிந்தவர் இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒரு பட்டியலை ஒட்டியிருப்பார். முதலில் 160ஐ 32 ஆக மாற்றிவிட்டு, பிறகு TRIM செய்ய வேண்டும்:

```
=TEXTJOIN(", ",TRUE,TRIM(SUBSTITUTE(B2:G2,UNICHAR(160)," ")))
```

எப்போதாவது 160க்குப் பதிலாக 8203 என்று வந்தால் அது அகலமே இல்லாத இடைவெளி. அதையும் இதேபோல் SUBSTITUTE கொண்டு ஒன்றுமில்லாததாக மாற்றலாம்.

ஆரையம்பதி வாசகர் — 08.01.2025, மாலை 5.40

என் முந்திய குறிப்பைத் திருத்த விரும்புகிறேன். கலத்துக்குள் இருக்கும் இடைவெளிகளை முதலில் வேறொரு குறியாக, உதாரணமாக | என்று மாற்றிவிட்டு, இணைத்த பின் அக்குறியை மீண்டும் இடைவெளியாக்கினால் என் உபாயமும் சரியாகவே வருகிறது. எங்கள் பாடசாலைக் கணினியில் 2010 பதிப்புத்தான் இருக்கிறது, TEXTJOIN என்று எழுதினால் #NAME? என்று வருகிறது. எனவே பழைய வழியை அவ்வளவு எளிதாகக் கைவிட எங்களால் முடியாது.

கல்முனைக் கணக்காளர் — 08.01.2025, இரவு 9.00

பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம், அதனால் நீங்கள் இதை எழுப்பியது நல்லது. ஆனால் குறி மாற்றும் வழியில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே பார்த்ததுபோல் ஒரு கலத்தில் வெறும் இடைவெளி இருந்தால், அதுவும் | ஆக மாறி, ஒரு பொருளாக எண்ணப்பட்டு, கடைசியில் மறுபடியும் ", ," ஆகிவிடும். 2010இல் நான் செய்வது வேறு. ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் காற்புள்ளியை ஒட்டுகிறேன், ஆனால் பொருள் இருந்தால் மட்டும். அப்போது முழு வரியின் தொடக்கத்தில் ஒரேயொரு மிகைக் காற்புள்ளி நிற்கும். காற்புள்ளியும் இடைவெளியுமாக அது இரண்டு எழுத்து, ஆகவே மூன்றாம் எழுத்திலிருந்து எடுத்தால் அது போய்விடும்.

```
=MID(IF(TRIM(B2)="","",", "&TRIM(B2))
&IF(TRIM(C2)="","",", "&TRIM(C2))
&IF(TRIM(D2)="","",", "&TRIM(D2)),3,500)
```

மீதி நிரல்களுக்கும் இவ்வாறே நீட்டுங்கள். எல்லாமே வெறுமையாக இருந்தாலும் பிழைச்செய்தி வராது, விடையும் வெறுமையாகவே இருக்கும். பிரிப்பதற்கு வேறு குறியைப் பயன்படுத்தினால் அந்த 3ஐ மாற்ற மறக்க வேண்டாம். அரைப்புள்ளியும் இடைவெளியும் என்றால் அதே 3 சரி, இடைவெளி மட்டும் என்றால் 2. UNICHAR 2013இல்தான் வந்தது, எனவே 2010இல் அதற்குப் பதிலாக CHAR(160) என்று எழுதுங்கள்.

படுவான்கரைத் தொண்டர் — 09.01.2025, இரவு 8.20

பட்டியல் சுத்தமாகிவிட்டது. இப்போது அதை வாக்கியமாக்கும்போது வேறொரு சங்கடம் தோன்றியிருக்கிறது. "அவர்களுக்கு" என்று முன்னும், "ஆகியன வழங்கப்பட்டன" என்று பின்னும் சேர்த்தேன். மூன்று பொருள் பெற்ற வீட்டுக்கு அழகாக வருகிறது. ஒரே பொருள் பெற்ற வீட்டுக்கு "படங்கு 1 ஆகியன வழங்கப்பட்டன" என்று வருகிறது. ஒன்றும் பெறாமல் பெயர் மட்டும் பதியப்பட்ட இரண்டு வீடுகளுக்கு "ஆகியன வழங்கப்பட்டன" என்று மட்டும் வருகிறது. காற்புள்ளிக்குச் சொன்ன நியாயம் இங்கும் பொருந்த வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பொருள் எத்தனை என்று தெரியாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது.

நான் COUNTA கொண்டு எண்ணிப் பார்த்தேன். அது இடைவெளி மட்டும் உள்ள கலங்களையும் எண்ணிவிடுகிறது. பிறகு இவ்வாறு H நிரலில் எழுதினேன்:

```
=SUMPRODUCT(--(TRIM(B2:G2)<>""))
```

I நிரலில் TEXTJOIN இருக்கிறது. வாக்கியம் J நிரலில்:

```
=IF(H2=0,"",A2&" அவர்களுக்கு "&I2&
IF(H2=1," வழங்கப்பட்டது."," ஆகியன வழங்கப்பட்டன."))
```

பெரும்பாலும் சரியாக வருகிறது. இதில் பிழை ஏதும் கண்டால் தயவுசெய்து சொல்லுங்கள்.

கொக்கட்டிச்சோலைத் தமிழாசிரியர் — 09.01.2025, இரவு 10.45

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது என் துறைக்குள் வந்துவிட்டீர்கள். அடுக்கி எழுதும்போது காற்புள்ளியையே நம்பியிருக்க வேண்டிய தேவை தமிழுக்கு இல்லை. "10 கிலோ அரிசியும் 2 கிலோ சீனியும் ஒரு படங்கும் வழங்கப்பட்டன" என்று எழுதினால் எண்ணும்மையே பொருட்களை இணைத்துவிடுகிறது. ஒவ்வொரு பொருளும் தன் உம்மைத் தானே சுமந்து வருவதால், இடையில் ஒன்று இல்லாமற் போனாலும் வாக்கியத்தில் வடு தெரியாது. இடையில் வெறும் இடைவெளி போதும், "ஆகியன" என்ற சொல்லும் வேண்டியதில்லை. காதால் கேட்பவருக்கும் இதுவே இயல்பாக இருக்கும்.

கல்முனைக் கணக்காளர் — 10.01.2025, காலை 7.40

ஆசிரியர் ஐயா சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் கணினிக்கு உம்மைச் சேர்க்கத் தெரியாது. "அரிசி"யோடு "உம்" என்று ஒட்டினால் "அரிசிஉம்" என்றுதான் எழுதும். அரிசியும், பருப்பும், பாயும், பால்மாவும் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகப் புணர்கின்றன. அதைச் சூத்திரத்தால் செய்ய முயல்வது வீண்வேலை. ஆறே பொருட்கள் என்பதால் நிரலின் தலைப்பிலேயே "கிலோ அரிசியும்", "கிலோ பருப்பும்" என்று கையால் எழுதிவிடலாம். கலத்தில் எண்ணை மட்டும் வைக்க வேண்டும்:

```
=TEXTJOIN(" ",TRUE,IF(B2:G2="","",B2:G2&" "&B$1:G$1))
```

இதற்கும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

படுவான்கரைத் தொண்டர் — 10.01.2025, பிற்பகல் 12.30

முயன்று பார்த்தேன். பல பொருட்கள் பெற்ற வீடுகளுக்கு வாக்கியம் மிக நன்றாக ஒலிக்கிறது. ஆனால் ஒரே பொருள் பெற்ற வீட்டுக்கு "1 படங்கும் வழங்கப்பட்டது" என்று வருகிறது. இதை வாசிப்பவர் படங்கோடு வேறெதுவோ கொடுத்ததாக அல்லவா எண்ணுவார்? கையொப்பம் இடும் தாளில் அந்த ஐயம் வரக்கூடாது. ஆக, உம்மை வழியிலும் ஒன்றா பலவா என்று எண்ணிப் பார்க்காமல் தப்ப முடியாது. உம் இல்லாத தலைப்புகளை இன்னொரு நிரையில் வைத்து, எண்ணிக்கை 1 ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டும்.

கொக்கட்டிச்சோலைத் தமிழாசிரியர் — 10.01.2025, பிற்பகல் 3.15

உண்மைதான். தனித்து நிற்கும் உம் இறந்தது தழுவிய எச்சமாகிவிடும், அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கூடவே இன்னொன்று. "பாய் 2" மட்டும் பெற்ற வீட்டுக்கு உங்கள் J நிரல் "பாய் 2 வழங்கப்பட்டது" என்று எழுதும். பொருளின் வகை ஒன்று, எண்ணிக்கை இரண்டு. "வழங்கப்பட்டன" என்பதே தகும்.

ஆரையம்பதி வாசகர் — 10.01.2025, மாலை 6.00

"பெற்றுக்கொண்ட பொருட்கள்:" என்று எழுதி, அடுத்துப் பட்டியலை இட்டு முடித்துவிட்டால் ஒருமை, பன்மை, உம்மை எல்லாத் தொல்லையும் தீருமே?

படுவான்கரைத் தொண்டர் — 10.01.2025, இரவு 9.50

தீரும். ஆனால் கையொப்பம் இடுபவர்களில் பலர் முதியவர்கள். நாங்கள் வாசித்துக் காட்ட, அவர்கள் கேட்டுவிட்டு ஒப்பமிடுவார்கள். பட்டியலை வாசித்தால் கடைக் கணக்குப்போல இருக்கிறது. "உங்களுக்கு இன்னது கொடுக்கப்பட்டது" என்று வாசித்தால் அவர்கள் தலையசைத்து ஒப்புக்கொள்கிறார்கள், இல்லையென்றால் உடனே மறுக்கிறார்கள். நேற்று ஒரு அம்மா, "பால்மா எங்களுக்கு வரவில்லை, தம்பி" என்று அந்த இடத்திலேயே சொன்னார். பதிவேட்டைப் பார்த்தபோது அது பக்கத்து வீட்டின் வரி என்று தெரிந்தது. அதனால் வாக்கியத்தை நான் விடமாட்டேன்.

இன்று கண்டுபிடித்த என் பிழையையும் சொல்ல வேண்டும். 41ஆம் வரியில் படங்கு மட்டுமே இருக்கிறது என்று பின்னர்தான் கவனித்தேன். அதற்கு "படங்கு 1 ஆகியன வழங்கப்பட்டன" என்று வந்திருந்தது. I நிரலில் 160ஐ நீக்கியிருந்தேன், H நிரலில் எண்ணும்போது நீக்க மறந்துவிட்டேன். ஆகவே பட்டியலில் ஒரு பொருளும், எண்ணிக்கையில் இரண்டும் இருந்தன. ஒரே தரவை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் துப்புரவு செய்ததே காரணம்.

கல்முனைக் கணக்காளர் — 11.01.2025, காலை 8.00

நீங்களே காரணத்தைக் கண்டுவிட்டீர்கள். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சுத்தம் செய்வதைச் சூத்திரங்களுக்குள் பரப்பாமல் ஓர் இடத்தில் மட்டும் செய்யுங்கள். இளைஞர்கள் பதிந்த தாளை "பதிவு" என்ற பெயரில் தொடாமல் வைத்துவிட்டு, இன்னொரு தாளில் A நிரலுக்குப் பெயரைக் கொண்டுவந்து, B2இல் இதை எழுதி G வரையும் கீழே 86 குடும்பங்களுக்கும் இழுத்துவிடுங்கள்:

```
=TRIM(SUBSTITUTE('பதிவு'!B2,UNICHAR(160)," "))
```

அதன்பின் எண்ணுவதும் இணைப்பதும் இந்தத் தாளிலிருந்து மட்டுமே நடக்க வேண்டும். அப்போது H நிரலில் `=SUMPRODUCT(--(B2:G2<>""))` போதும், I நிரலில் முதல் நாள் எழுதிய எளிய `=TEXTJOIN(", ",TRUE,B2:G2)` போதும். மூன்று விசைகளை அழுத்தும் தொல்லையும் போய்விடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். TRIM இல்லாமல் வெறுமனே `='பதிவு'!B2` என்று எழுதினால், வெறுமையான கலத்துக்கு எக்செல் 0 என்று காட்டும். TEXTJOIN 0வைத் தவிர்க்காது, உங்கள் வாக்கியத்தில் "அரிசி 10 கிலோ, 0, சீனி 2 கிலோ" என்று வரும். TRIM அதை உரையாக மாற்றிவிடுவதால் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பாய் விவகாரத்துக்கு என்னிடம் அழகான விடை இல்லை. "வழங்கப்பட்டது" என்பதை விட்டு, "பெற்றுக்கொண்டார்" என்று வினையைக் குடும்பத்தலைவரின் பக்கம் திருப்பினால், பொருளின் எண்ணிக்கை வினையைத் தொடாது. ஒன்றுக்கு "படங்கு 1 பெற்றுக்கொண்டார்", பலவற்றுக்கு "ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டார்". ஆனால் "படங்கு 1 பெற்றுக்கொண்டார்" என்பது ஆசிரியருக்கு உடன்பாடா என்று தெரியவில்லை.

கொக்கட்டிச்சோலைத் தமிழாசிரியர் — 11.01.2025, இரவு 7.30

பேச்சில் செல்லும். எழுத்தில் "ஒரு படங்கைப் பெற்றுக்கொண்டார்" என்று இரண்டாம் வேற்றுமை வெளிப்பட நிற்பதையே விரும்புவேன். பொங்கலுக்குள் முடிக்க வேண்டுமென்றால் உங்கள் வழியே இருக்கட்டும், நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

படுவான்கரைத் தொண்டர் — 12.01.2025, பிற்பகல் 2.10

புதிய தாள் அமைத்து, வினையையும் மாற்றிவிட்டேன். J நிரல் இப்போது இப்படி இருக்கிறது:

```
=IF(H2=0,"",A2&" அவர்கள் "&I2&
IF(H2=1,""," ஆகியவற்றைப்")&" பெற்றுக்கொண்டார்.")
```

அச்சிடுவதற்கு முன் J நிரலைப் பிரதி செய்து மதிப்புகளாக மட்டும் வேறோர் இடத்தில் ஒட்டினேன். பிறகு அந்த நிரலில் ", ," என்று தேடினேன், ஒன்றுமில்லை. காற்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி உண்டா என்றும் தேடினேன், இல்லை.

ஆனால் மூன்று வரிகளில் "அரிசி 10 கிலோ, -, சீனி 2 கிலோ" என்று வருகிறது. ஓர் இளைஞர் கொடுக்காத பொருளுக்குக் கலத்தை வெறுமையாக விடாமல் சிறுகோடு இட்டிருக்கிறார். சுத்தம் செய்யும் சூத்திரத்தில் சிறுகோட்டையும் வெறுமையாக்கிவிடலாமா?

காரைதீவு நூலகப் பொறுப்பாளர் — 12.01.2025, மாலை 4.45

எங்கள் நூலகத்தில் சிறுகோட்டுக்கு "பார்த்தாயிற்று, இல்லை" என்று பொருள். வெறுமைக்கு "இன்னும் பார்க்கவில்லை" என்று பொருள். நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த வேறுபாடு தொலைந்துவிடும். உங்கள் இளைஞர் எதை நினைத்து இட்டார் என்று கேட்டீர்களா?

கல்முனைக் கணக்காளர் — 12.01.2025, மாலை 5.20

செய்வது எளிது, SUBSTITUTE கொண்டு அல்லாமல் IF கொண்டு, கலம் முழுவதுமே சிறுகோடாக இருந்தால் மட்டும் வெறுமையாக்க வேண்டும். இல்லாவிட்டால் "பால்மா - 400 கிராம்" என்று எழுதியவரின் கோடும் போய்விடும். ஆனால் நூலகப் பொறுப்பாளர் எழுப்பிய கேள்வி சூத்திரத்துக்கு முந்தியது. எங்கள் கணக்காய்வில் வெறுமையான கலத்தைத் தவிர்த்துவிட்டுப் போவதை நான் ஏற்பதில்லை, ஏன் வெறுமை என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

ஆரையம்பதி வாசகர் — 12.01.2025, இரவு 8.00

ஊர்ச் சங்கத்தின் பட்டியலுக்குக் கணக்காய்வின் கடுமை தேவையில்லை என்பது என் கருத்து. கொடுத்ததை எழுதுவோம், கொடுக்காததை எழுத வேண்டாம்.

படுவான்கரைத் தொண்டர் — 12.01.2025, இரவு 10.15

இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தெரிகிறது, எதைப் பின்பற்றுவது என்று சங்கக் கூட்டத்தில்தான் கேட்க வேண்டும். சிறுகோடு இட்ட தம்பியை இன்று மாலை சந்தித்தேன். இரண்டு வரிகளில் பருப்பு முடிந்துவிட்டதால் இட்டதாகச் சொன்னார். மூன்றாவது வரியில் வீட்டில் ஆள் இல்லாததால், மறுநாள் கொடுக்கலாம் என்று இட்டதாகச் சொன்னார். மறுநாள் கொடுத்தார்களா என்பது அவருக்கு நினைவில்லை.

83 தாள்களை நாளைக் காலை அச்சிடுகிறேன். அவற்றில் ஒன்றும் பெறாத அந்த இரண்டு வீடுகள் இல்லை, மூன்றாவது சிறுகோட்டு வீடும் இல்லை. அந்த வீட்டுக்கு நாளை நேரிற் போய்க் கேட்டுவிட்டு, பருப்புக் கலத்தில் என்ன எழுதுவது என்று முடிவுசெய்வேன்.